நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது: முதுகா, ரத்தக்குழாயா?

தறிவீடு (ஈரோடு)

அப்பாவுக்கு 62 வயது. வாழ்நாள் முழுக்க விசைத்தறியில் நின்றே வேலை பார்த்தவர். எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர் இருக்கும். சில மாதங்களாக, வழியில் உள்ள அரிசி ஆலையின் மதிலை நெருங்கும்போதெல்லாம் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மதிலில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் படிப்பவரைப் போல இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறார். வலி சுத்தமாகப் போய்விடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. நொண்டுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சுவரொட்டி படிப்பதாகக் காட்டிக்கொள்கிறார் என்பது எனக்குச் சமீபத்தில்தான் புரிந்தது.

உட்கார்ந்தாலும் படுத்தாலும் வலி இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை. பீடி இளவயதிலிருந்தே உண்டு. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது என்றார். வலி மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. இது வேறு எதுவாக இருக்கலாம்?

நிலாமுற்றம்

எனக்கும் இதே தொல்லைதான். நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகிவிடும், கத்திக்கொண்டு எழுந்திருப்பேன். இரவு படுக்கும் முன் காலை நீட்டி மடக்கப் பழகுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். வாழைப்பழம் நல்லது என்கிறார்கள்.

தறிவீடு

நன்றி அம்மா. ஆனால் அப்பாவுக்கு இரவில் ஒன்றும் இல்லை. நடக்கும்போது மட்டும்தான்.

காவிரிக்கரை (திருச்சி)

தம்பி, எலும்பு மருத்துவர் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு 66 வயது. நடந்தால் இரண்டு காலும் கனத்து, பின்பக்கம் முழுக்க இழுக்கும், கெண்டைக்கால் மரத்துப்போகும். எம்ஆர்ஐ எடுத்ததில் இடுப்புக்கு மேலே தண்டுவடக் கால்வாய் குறுகியிருப்பது தெரிந்தது. ஓய்வெடுத்தால் எனக்கும் சரியாகிவிடுகிறது. அப்பாவுக்கும் எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள்.

பவானி ராசு

ரத்தம் கெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். என் மாமாவுக்கும் இப்படித்தான். குழாயில் அடைப்பு ஏற்பட்டு ரத்தம் போகாததால் வருவது இது. ஆஸ்பிரின் மாத்திரை தினமும் ஒன்று போட்டால் ரத்தம் இளகி அடைப்பு கரைந்துவிடும். மருந்துக் கடையில் இறுக்கமான நீளக் காலுறை கிடைக்கும், அதை மாட்டச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் நடையைக் குறைத்து ஓய்வு கொடுக்க வேண்டும்.

தமயந்தி_டாப்ளர் (மதுரை)

ராசு, ரத்தக்குழாய் என்று நீங்கள் சொன்னது சரியான திசை. மற்ற மூன்றும் சரியில்லை. காலுறையை முதலில் சொல்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. இறுக்கக் காலுறை சிரை நோய்க்கு, அதாவது மேலே ஏற வேண்டிய ரத்தம் காலில் தேங்கி வீங்குபவர்களுக்கு உரியது. கீழே இறங்க வேண்டிய ரத்தமே குறைவாக இருக்கும் காலில் வெளியிலிருந்து இறுக்கினால் தோல் செத்துப் புண்ணாகிவிடும். ரத்த ஓட்டத்தை அளந்து பார்க்காமல் அதை யாருக்கும் மாட்டாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. ரத்தக்குழாய் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தினமும் கால்களைத்தான் பார்க்கிறேன். தறிவீடு எழுதியதில் என் கண்ணில் பட்டது இரண்டு. ஒன்று, அதே மதில். முதுகு வலி ஒருநாள் நூறு அடியில் வரும், ஒருநாள் அரை கிலோமீட்டர் விட்டுவைக்கும். ரத்தம் போதாத சதை அப்படி இல்லை. அதே வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய அதே இடத்தில் பிடிக்கும். இரண்டு, அவர் நின்றபடியே சரியாகிறார். குனியவில்லை, உட்காரவில்லை. நிமிர்ந்து நின்று சுவரொட்டி படிக்கிறார்.

காவிரிக்கரை அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நடையில் வலி வந்ததும் சும்மா நின்றால் போதுமா, உட்கார வேண்டுமா?

காவிரிக்கரை

நின்றால் போகாது. எங்காவது திண்ணையில் உட்கார வேண்டும். இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் முன்னால் சாய்ந்து நிற்பேன். காய்கறிச் சந்தையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போகிறேன், அதுதான் எனக்கே ஆச்சரியம்.

தமயந்தி_டாப்ளர்

அதுதான் அம்மா வித்தியாசம். முன்னால் குனியும்போது தண்டுவடக் கால்வாய் கொஞ்சம் அகலமாகிறது, நரம்புக்கு இடம் கிடைக்கிறது. அதனால் உங்களுக்கு மேட்டில் ஏறுவது எளிதாகவும் இறங்குவது கடினமாகவும் இருக்கலாம். சைக்கிள் மிதித்தால் வலி வராது. தறிவீட்டின் அப்பா வகைக்கு இது தலைகீழ். மேட்டில் சீக்கிரம் பிடிக்கும், ஏனென்றால் கெண்டைச் சதை அங்கே கூடுதலாக உழைக்கிறது. குனிவதால் எந்தப் பயனும் இல்லை. இந்த வயதில் இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. எக்ஸ்ரேயில் 62 வயதுக்காரரின் முதுகெலும்பு தேய்ந்து தெரிவது சாதாரணம், அந்தத் தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்பதற்கு அது மட்டும் ஆதாரம் ஆகாது.

தறிவீடு, அப்பா மேட்டில் ஏறும்போது என்ன ஆகிறது?

தறிவீடு

கேட்டுவிட்டேன். காவிரிப் பாலத்துக்கு ஏறும் சரிவில் பாதியிலேயே நின்றுவிடுகிறாராம். சைக்கிள் மிதித்தாலும் வலிக்கிறதாம், அதனால்தான் சைக்கிளை விட்டுவிட்டாராம். எங்களிடம் டயர் சரியில்லை என்று சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். அடைப்பு என்றால் எப்போதும்தானே வலிக்க வேண்டும்? உட்கார்ந்திருக்கும்போது கால் சாதாரணமாகவே இருக்கிறதே.

பவானி ராசு

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

தமயந்தி_டாப்ளர்

இது நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கெண்டைச் சதை சும்மா இருக்கும்போது அதற்குத் தேவையான ரத்தம் மிகக் குறைவு. தமனி பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தாலும் அந்தக் கொஞ்சம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் பழைய குழாயில் உப்புப் படிந்திருந்தாலும் ஒரு திருகைத் திறக்கும்போது தண்ணீர் நன்றாகவே வரும். நான்கையும் திறந்தால்தான் நூலாக ஒழுகும். நடக்கும்போது சதை பல மடங்கு ரத்தம் கேட்கிறது. சதைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்துவிடுகின்றன. ஆனால் மேலே இருக்கும் சுருக்கம் விடுவதில்லை. வேகமாக ஓட முயலும் ரத்தம் அந்தக் குறுகலைக் கடப்பதிலேயே அழுத்தத்தை இழந்துவிடுகிறது, ஓட்டம் கூடக்கூட இழப்பும் கூடுகிறது. அதனால்தான் படுத்திருக்கும்போது கணுக்காலில் ஓரளவு இருந்த அழுத்தம், நடந்து முடித்த உடனே அளந்தால் சரிந்து கிடக்கிறது. சிலருக்குக் கருவியில் சத்தமே கேட்காது. சில நிமிடம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வரும். அந்த நிமிடங்கள்தான் உங்கள் அப்பா சுவரொட்டி படிக்கும் நிமிடங்கள்.

இன்னொன்று. குறுக்களவு பாதியாகச் சுருங்கினால் உள்ளே ரத்தம் போகும் பரப்பில் முக்கால் பங்கு போய்விட்டது என்று பொருள். அறிக்கையில் 50 சதவீதம் என்று பார்த்து, இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

வலி கெண்டைக்காலில் இருந்தாலும் சுருக்கம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. தொடையில் இறங்கும் பெரிய தமனி, முழங்காலுக்குச் சற்று மேலே சதைகளுக்கு இடையில் ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. அடைப்பு அதிகமாகப் பார்ப்பது அங்கேதான். தொடைச் சதைக்குப் போகும் கிளை அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் தொடை வலிப்பதில்லை, கீழே இருக்கும் கெண்டை மட்டும் பட்டினி கிடக்கிறது. வயிற்றுக்குக் கீழே இடுப்புத் தமனியில் அடைப்பு என்றால் புட்டமும் தொடையும் வலிக்கும்.

புத்தகப்புழு_வேலூர்

இடையில் ஒரு செய்தி. இதை முதலில் விவரமாகக் கவனித்தது மனிதரிடம் அல்ல, குதிரையிடம். 1831 இல் பிரான்சில் பூலே என்ற கால்நடை மருத்துவர், கொஞ்ச தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டி, நிறுத்தினால் சரியாகிவிடும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். இறந்தபின் பார்த்தபோது அதன் தொடைத் தமனி அடைபட்டிருந்தது. 1858 இல் ஷார்கோ மனிதருக்கும் இதே கதைதான் என்று காட்டினார். நின்றால் சரியாவது என்ற அடையாளம் அப்போதே தெரிந்திருக்கிறது. இன்றும் எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

தறிவீடு

அக்கா, என்ன பரிசோதனை கேட்க வேண்டும்? எம்ஆர்ஐ எடுக்கும் வசதி எங்களுக்கு இப்போது இல்லை.

தமயந்தி_டாப்ளர்

முதல் பரிசோதனைக்கு எம்ஆர்ஐ வேண்டாம், ஊசி வேண்டாம். பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பட்டை கட்டி, கையடக்க டாப்ளர் கருவியால் ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டு அழுத்தத்தை அளப்போம். கணுக்காலில் இரண்டு இடம்: உள்பக்கக் கணு எலும்புக்குப் பின்னால் ஒன்று, பாதத்தின் மேல்புறம் ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதை, இரு கைகளில் எது அதிகமோ அதால் வகுக்க வேண்டும். நல்ல காலில் 1 அல்லது சற்றுக் கூடுதலாக வரும். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய் இருக்கிறது. இதயம், ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை, காலையில் வீட்டில் ஒன்று செய்யலாம். அப்பாவின் இரண்டு பாதங்களிலும் அந்த இரண்டு இடங்களில் விரலை மெதுவாக வைத்து நாடி துடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாதத்தின் மேல்புற நாடி நல்ல ஆரோக்கியமான சிலருக்கே பிறவியிலிருந்து கிடைக்காது, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். உள்பக்கக் கணுவுக்குப் பின்னால் ஒரு காலில் இருந்து மறுகாலில் இல்லையென்றால் அது கவனிக்க வேண்டியது.

மகேஸ்_புதுக்கோட்டை

என் அம்மாவுக்கு நீண்ட காலச் சர்க்கரை. இந்தக் கணக்கு 1.5 என்று வந்தது. ரத்த ஓட்டம் பிரமாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் கால்விரலில் புண் ஆறவில்லை.

தமயந்தி_டாப்ளர்

மகேஸ், 1.4 ஐத் தாண்டினால் அது நல்ல செய்தி இல்லை. நீண்ட காலச் சர்க்கரையிலும் சிறுநீரக நோயிலும் தமனியின் சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்துவிடுகிறது. பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் நசுங்காது, அதனால் எண் பொய்யாக உயர்கிறது. கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை வைத்து அளக்கக் கேளுங்கள். ஆறாத புண் இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள். தறிவீட்டின் அப்பாவுடையதைவிட உங்கள் அம்மாவுடையதுதான் அவசரம்.

தறிவீடு

அளந்துவிட்டோம். வலது கை 148, இடது கை 144. வலது கணுக்காலில் 92, 84. இடது கணுக்காலில் 136, 130. வலது உள்கணுவில் எனக்கு நாடி கிடைக்கவில்லை, இடதில் தெளிவாகத் துடித்தது. டாப்ளர் ஸ்கேன் எழுத்தறிக்கையில், வலது தொடைத் தமனி முழங்காலுக்கு மேலே முழுவதும் அடைபட்டிருக்கிறது, கிளைக்குழாய்கள் வழியாகக் கீழே மீண்டும் ஓட்டம் சேர்கிறது என்றிருக்கிறது. அப்பா பயந்துவிட்டார். காலை எடுத்துவிடுவார்களா என்று கேட்கிறார்.

தமயந்தி_டாப்ளர்

வலது கால்: 92 ஐ 148 ஆல் வகுத்தால் 0.62. இடது: 136 ஐ 148 ஆல் வகுத்தால் 0.92. வலதில் நோய் உறுதி. இடது எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்தக் காலில் வலி இல்லை என்பது வலது கால் முதலில் நிறுத்திவிடுவதால்கூட இருக்கலாம்.

முழு அடைப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மெதுவாக அடைபடும்போது உடம்பு சுற்றுவழிக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அந்த வழியில் போகும் ரத்தம்தான் அவரை மதில் வரை நடக்க வைக்கிறது. நடையில் மட்டும் வலி இருக்கும் இந்தக் கட்டத்தில் கால் எடுக்க வேண்டிய நிலைக்குப் போகிறவர்கள் நூற்றில் மிகச் சிலரே, அதுவும் பெரும்பாலும் புகையை விடாதவர்களும் சர்க்கரை உள்ளவர்களும். உண்மையில் பயப்பட வேண்டியது காலுக்கு அல்ல. காலில் படிந்த கொழுப்பு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்கும். இந்த நோயாளிகளைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். அதனால் கொழுப்பு மாத்திரையும், ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் இருக்கத் தினசரி மாத்திரையும் கொடுப்பார்கள். அது அடைப்பைக் கரைக்காது ராசு, புதிய கட்டி உருவாகாமல் காக்கத்தான். வலி குறையவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

மூன்று அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாதமும் விரல்களும் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் மட்டும் தணிவது. பாதத்தில் ஆறாத புண் அல்லது கறுப்பு. திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போவது. கடைசியாகச் சொன்னது வந்தால் மணிக்கணக்கில்தான் அவகாசம், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பவானி ராசு

அப்படியென்றால் நடையைக் குறைக்க வேண்டாமா? வலிக்கும்போது நடந்தால் சதை கெட்டுவிடாதா?

சேரன்_நெல்லை

கெடாது. நான் அதற்குச் சாட்சி. எனக்கு 0.55 இருந்தது, இரு கால்களிலும். நெல்லையில் எனக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த முறை இது: வலி ஆரம்பித்ததும் நிற்காதே, ஓரளவு கடுமையாகும் வரை நட. பிறகு நின்று முழுதாகப் போகும் வரை காத்திரு. மறுபடி நட. நடப்பதும் நிற்பதுமாக அரை மணி நேரத்தில் தொடங்கி முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். முதல் மாதம் ஒரு பயனும் தெரியவில்லை, விட்டுவிடத் தோன்றியது. இப்போது பாளையங்கோட்டை மார்க்கெட் போய்ப் பையோடு திரும்புகிறேன்.

பீடியை நானும் விட்டேன். அதை விடாமல் இதைச் செய்து பயனில்லை என்று என் மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

தமயந்தி_டாப்ளர்

சேரன் ஐயா சொன்ன முறைதான் சரியான முறை. வலி வரும் முன்பே நிறுத்தி நிறுத்தி நடப்பவர்களுக்குப் பலன் குறைவு. சேரன் ஐயாவை இப்போது அளந்தால் கணுக்கால் எண் பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன். பலருக்கு அந்த எண் அப்படியே இருக்க, நடக்கும் தூரம் மட்டும் கூடுகிறது. கிடைக்கும் ரத்தத்தைச் சதை திறமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே காரணத்தில் பெரும்பகுதி. ஆனால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தபின் தொடங்க வேண்டும். பாதத்தில் புண் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இல்லை. செருப்பில்லாமல் நடக்கவே கூடாது.

தறிவீடு

ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் மூன்று மாதம் நடந்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள், சிலோஸ்டசால் என்ற மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

சேரன்_நெல்லை

என்னைக் கேட்டால் நடக்கச் சொல்வேன்.

விமல்_ஆவடி

நான் மறுக்கிறேன். என் அண்ணன் லாரி ஓட்டுநர், 54 வயது. மூன்று மாதம் நடக்க அவருக்கு நேரமும் இல்லை, வருமானமும் இல்லை. இடுப்புத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள், மறுவாரமே வலியில்லாமல் நடந்தார். ஆண்டுகள் ஆகியும் நன்றாக இருக்கிறார். எல்லோருக்கும் நடை என்று சொல்வது நியாயம் இல்லை.

தமயந்தி_டாப்ளர்

விமல், உங்கள் அண்ணனுக்கு அது நல்ல முடிவுதான். இடுப்புத் தமனி பெரிய குழாய், அங்கே வைக்கும் ஸ்டென்ட் நீண்ட காலம் திறந்திருக்கும். முழங்காலுக்கு மேலே இருக்கும் தொடைத் தமனி வேறு. நீளமான குழாய், ஒவ்வோர் அடிக்கும் மடங்கி முறுக்கும் இடம், மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். நடையில் மட்டும் வலி உள்ளவருக்கு அங்கே முதலில் பயிற்சியும் மருந்தும் முயன்று, பிழைப்பு கெடும் அளவுக்கு வலி நீடித்தால் பிறகு ஸ்டென்டோ பைபாஸோ யோசிப்பது வழக்கம். ஆனால் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தால் போதும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது.

தறிவீடு, இரண்டாவது கருத்தைக் கேட்கும்போது இதைக் கேளுங்கள்: அடைப்பின் நீளம் எவ்வளவு, ஓராண்டு கழித்துத் திறந்திருக்கும் வாய்ப்பு என்ன, மறுபடி அடைத்தால் அடுத்த வழி என்ன. அவசரம் என்று சொன்னால் எந்த அறிகுறியை வைத்து அவசரம் என்கிறீர்கள் என்று கேளுங்கள். சிலோஸ்டசாலைப் பற்றியும் ஒன்று: இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அது கூடாது. அப்பாவுக்கு எக்கோ எடுத்திருக்கிறார்களா?

தறிவீடு

இல்லை அக்கா. ஈசிஜி மட்டும்தான்.

தமயந்தி_டாப்ளர்

கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எக்கோ பற்றிப் பேசிவிட்டே மாத்திரையைத் தொடங்குங்கள். தொடங்கினால் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். தலைவலியும் படபடப்பும் முதல் வாரங்களில் வரலாம்.

தறிவீடு

திங்கட்கிழமை எக்கோவுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இடது காலை நடக்க வைத்துவிட்டு உடனே அளக்க முடியுமா என்றும் கேட்கப் போகிறேன். அப்பா பீடிக்கட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் தறிக்கூடத்து நண்பர்களோடு உட்காரும்போது என்ன செய்வார் என்று தெரியவில்லை. புகையை விட்டவர்கள் முதல் மாதத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று சேரன் ஐயா எழுதினால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.